வரியின் வாலைப் பாருங்கள்

ஓர் ஓட்டல் சமையலறையில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களின் கையில் ஒரு பயிற்சிக் கையேட்டைக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ‘காலைப் பணி’ என்ற தலைப்பின் கீழ் இந்த ஏழு வரிகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட கையேடுகளில் வழக்கமாகக் காணும் குறைகளை ஒரே இடத்தில் பார்ப்பதற்காக நானே தொகுத்த பட்டியல் இது.

1. சமையலறைக்குள் வரும் முன் கை கழுவவும்.
2. தலைமுடி மூடப்பட்டிருத்தல் அவசியம்.
3. ஃப்ரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்.
4. முதலில் வந்த சரக்கை முதலில் எடுத்தல்.
5. காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள்.
6. சூப்பர்வைசர் பதிவேட்டில் கையெழுத்திடுவார்.
7. கட்டிங் போர்டு.

ஒவ்வொரு வரியையும் தனியாகப் படித்தால் பெரிய பிழை எதுவும் கண்ணில் படாது. ஐந்தாவதும் ஏழாவதும் பாதியில் நிற்கின்றன, அவ்வளவுதான். ஆனால் வரிகளின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள்: கழுவவும், அவசியம், வேண்டும், எடுத்தல், உள்ளவர்கள், கையெழுத்திடுவார், போர்டு. ஏழு வரிகள் ஏழு விதமாக முடிகின்றன. முதல் வரி கட்டளை, இரண்டாவது கருத்து, மூன்றாவது ஒரு நிலையைச் சொல்கிறது, ஆறாவது வேறொருவர் செய்யும் வேலை, ஏழாவது வெறும் பொருளின் பெயர். படிப்பவர் வரிக்கு வரி நின்று ‘இதில் நான் செய்ய வேண்டியது என்ன?’ என்று புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே பட்டியலில் வரும் வரிகள் ஒரே வகை இலக்கண வடிவில் இருப்பதை இணை அமைப்பு என்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்துப் பயிற்சி கொடுக்கும் எல்லோரும் இதைச் சொல்லிக்கொடுப்பதால் இது வெளியிலிருந்து வந்த விதி என்று தோன்றலாம். தமிழில் இது நம் வாயிலேயே இருக்கிறது. ‘இட்லியும் வடையும் பொங்கலும் இருக்கு’ என்கிறோம். ‘இட்லியும் வடை பொங்கலும் இருக்கு’ என்று யாரும் சொல்வதில்லை. பள்ளியில் எண்ணும்மை என்று படித்தது இதைத்தான். அடுக்கும்போது ஒன்றுக்கு ‘உம்’ போட்டால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும். பேச்சில் காது பிடித்துவிடும் இந்தக் குறை, வரிக்கு ஒரு எண் போட்டுத் தனித்தனியாக எழுதும்போது தப்பிவிடுகிறது.

ஆங்கிலப் பாடத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஓர் இடத்தில் இடிக்கும். ஆங்கிலப் பட்டியலில் வினை வரியின் தொடக்கத்தில் நிற்பதால் முதல் சொல்லைப் பார்த்தே குறையைக் கண்டுபிடிக்கலாம். தமிழில் வினை வரியின் வாலில் நிற்கிறது, சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். வலது ஓரமாகக் கண்ணை ஓட்டி முடிவுச் சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போனால், இருபது பக்கக் கையேட்டின் எந்தெந்தப் பட்டியல்களில் கலப்பு இருக்கிறது என்பது தேநீர் ஆறுவதற்குள் தெரிந்துவிடும். கணினியில் கோப்பு இருந்தால் ‘தல்’, ‘ப்படும்’, ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘வும்’ என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கலாம்.

இந்தக் கலப்பு எழுதியவரின் அசட்டையால் வருவது குறைவு. கையேடு வளர்ந்த வரலாறே பெரும்பாலும் காரணம். ‘மூடப்பட்டிருத்தல் அவசியம்’ என்பது அரசுச் சுற்றறிக்கையின் நடை. ‘முதலில் எடுத்தல்’ என்பது ஆங்கிலச் சொற்றொடரின் மொழிபெயர்ப்பு. ‘கை கழுவவும்’ என்பது சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு. ‘கட்டிங் போர்டு’ என்பது யாரோ கூட்டத்தில் குறித்துக்கொண்ட ஒற்றைச் சொல். விரித்து எழுத மறந்துவிட்டார்கள். நான்கு கைகள் எழுதியதை ஐந்தாவது கை ஒட்டவைத்து எண் போட்டிருக்கிறது.

இனி திருத்தத்துக்கு வருவோம். எல்லா வரியின் வாலையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதலில் வரும் தவறு. ‘ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குள் இருக்கவும்’ என்று எழுதினால் வால் பொருந்திவிடும், பொருள் போய்விடும்; ஃப்ரிட்ஜுக்கே கட்டளை போட்டதுபோல் ஆகும். என் அனுபவத்தில், ஒரு வரி மற்ற வரிகளின் வடிவத்துக்கு இணங்க மறுத்தால் அதன் அடியில் பெரும்பாலும் பதில் சொல்லப்படாத கேள்வி ஒன்று கிடக்கிறது. யார் செய்வது, எப்போது செய்வது, செய்து சரிவராவிட்டால் என்ன செய்வது என்ற மூன்றில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும்.

அந்த மூன்றாம் வரியையே எடுத்துக்கொள்வோம். குளிரில் வைக்கும் உணவு 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் வழிகாட்டல். அளவு சரியானதுதான். ஆனால் காலையில் உள்ளே நுழையும் பையன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? வெப்பமானியைப் பார்ப்பது அவன் வேலையா, மாஸ்டர் வேலையா? பார்த்ததை எங்கே எழுதுவது? 8 டிகிரி காட்டினால் உள்ளே இருக்கும் பாலையும் மாவையும் என்ன செய்வது? ‘இருக்க வேண்டும்’ என்ற முடிவு இத்தனை கேள்விகளையும் மூடி மறைத்துவிட்டது. மற்ற வரிகளைப்போல இதையும் ஒரு செயலாக மாற்றி எழுத உட்கார்ந்தால்தான் அவை வெளியே வருகின்றன.

இந்த இடத்தில் திருத்துபவர் தன் மனம்போனபடி எழுதி நிரப்பக் கூடாது. சமையலறைக்குப் போய்க் கேட்க வேண்டும்.

“மாஸ்டர், காலையில ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் யாருங்க பார்க்கிறது?”

“யாரு முதல்ல வர்றாங்களோ அவங்க பார்ப்பாங்க தம்பி.”

“அஞ்சுக்கு மேல இருந்தா?”

“சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும். அவர் வந்து பார்க்காம எதையும் எடுக்க விடமாட்டேன்.”

இந்தப் பதில்கள் கிடைத்த பிறகு வரி தானாக அமைகிறது: ‘முதலில் வருபவர் ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் உள்ளே இருக்கும் எதையும் எடுக்காமல் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.’ பழைய வரியைவிட நீளம்தான். பட்டியலின் வரிகள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று சிலர் வெட்டிக் குறைப்பார்கள். வடிவம் ஒன்றாக இருந்தால் போதும். நீளம் வேலைக்கு வேலை மாறத்தான் செய்யும்.

ஐந்தாவது வரிக்கும் சூப்பர்வைசரிடம்தான் பதில். வினையே இல்லாத அந்த வரி, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமலே நின்றுவிட்டது. அவர்கள் உணவைத் தொடக் கூடாது என்பது எழுதியவருக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது. அவர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு நிற்பார். ஆனால் இந்த வரியை நிறைவு செய்தாலும் அது இந்தப் பட்டியலில் ஒட்டாது. மற்றவை எல்லோரும் தினமும் செய்யும் வேலைகள். இதுவோ ஒருவர் அன்றைக்கு வேலையைத் தொடங்கலாமா என்பதையே தீர்மானிப்பது. எனவே எண் வரிசையிலிருந்து எடுத்துப் பட்டியலுக்கு மேலே தனிக் கட்டத்தில் வைப்பதுதான் முறை.

ஆறாவது வரியை வெளியேற்ற வேண்டியதற்குக் காரணம் வேறு. கையெழுத்திடுவது சூப்பர்வைசர். புதிதாகச் சேர்ந்தவரின் பட்டியலில் அந்த வரிக்கு இடமில்லை. சூப்பர்வைசருக்கான பக்கத்துக்குப் போக வேண்டும். ஒரே பட்டியலில் ஆள் மாறினால் வடிவமும் மாறிவிடும், ஏனென்றால் தமிழ் வினைமுற்று ஆளைத் தன்னோடு சுமந்து வருகிறது. செயப்பாட்டு வினை அந்தச் சுமையை இறக்கிவிடுவதால்தான் ஆபத்தானது. ‘மேசைகள் துடைக்கப்படும்’ என்று எழுதிவிட்டால் துடைப்பது யார் என்று கேட்க யாருக்கும் தோன்றாது, மேசையும் துடைக்கப்படாது.

‘முதலில் வந்த சரக்கை முதலில் எடுத்தல்’ என்ற நான்காம் வரிக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. சரக்கு வந்து இறங்கும்போது புதியதைப் பின்னால் அடுக்குவது ஒன்று, சமையலுக்கு எடுக்கும்போது முன்னால் இருப்பதை எடுப்பது இன்னொன்று. காலைப் பணிக்கு உரியது இரண்டாவது மட்டுமே. அதிலும் பாக்கெட் சரக்குக்கு வந்த தேதியைவிடக் காலாவதித் தேதி முக்கியம்; நேற்று வந்த தயிர் பாக்கெட்டின் காலாவதித் தேதி அதற்கு முந்தைய நாள் வந்ததைவிட முந்தியதாக இருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு பக்கம் இப்படி ஆகிறது.

காலையில் வேலையைத் தொடங்குதல்

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் சமையலறைக்குள் வராமல் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

மற்றவர்கள் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. தலைமுடி முழுவதும் மறையும்படி தொப்பி அணியுங்கள்.
2. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கை கழுவுங்கள்.
3. முதலில் வருபவர் ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் உள்ளே இருக்கும் எதையும் எடுக்காமல் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.
4. காலாவதித் தேதி முந்தி வரும் பாக்கெட்டை முதலில் எடுங்கள்.
5. பச்சை இறைச்சிக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று என்று தனித்தனி கட்டிங் போர்டு எடுத்து வையுங்கள்.

தொப்பி முதலுக்கு வந்ததைக் கவனித்திருப்பீர்கள். பழைய பட்டியலில் கை கழுவிய பிறகு தலைமுடியை மூடச் சொல்லியிருந்தது. கழுவிய கையால் தலையைத் தொட்டால் கழுவியதற்குப் பயனில்லை. முன்பு வரிகள் வெவ்வேறு வடிவத்தில் இருந்ததால் அது வேலை வரிசை என்பதே தெரியவில்லை, வரிசை தவறியதும் தெரியவில்லை. எல்லாம் செயல்களாக ஒரே வடிவில் நின்றதும் தவறு பளிச்சென்று தெரிந்தது.

‘கழுவவும்’ என்பதை விட்டுவிட்டு ‘கழுவுங்கள்’ என்பதை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் சொல்ல வேண்டும். இரண்டும் சரியான தமிழ். ‘காலணிகளை இங்கே விடவும்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் அழகாக இருக்கிறது. ஆனால் நீளமான வரிகளில் ‘வும்’ என்ற முடிவு எண்ணும்மையோடு குழம்பும். ‘கை கழுவவும் தொப்பி அணியவும்’ என்று படித்தால் ‘சொல்லிக்கொடுங்கள்’ என்று ஏதோ பின்னால் வரப்போவதுபோல் காது காத்திருக்கிறது. பயிற்சிக் கையேட்டைப் பல இடங்களில் சூப்பர்வைசர் வாய்விட்டுப் படித்துக்காட்டுகிறார் என்பதையும் நினைக்க வேண்டும். தமிழ்நாட்டு ஓட்டல்களில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள் பலர் தமிழைக் காதால் கற்றவர்கள். ‘கழுவுங்க’ என்பதை நாள் முழுக்கக் கேட்கிறார்கள். ‘கழுவுங்கள்’ அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. எதிர்மறையும் ‘தொடாதீர்கள்’ என்று ஒரே சொல்லில் தெளிவாக வந்துவிடும். எந்த வடிவத்தை எடுத்தாலும் கையேடு முழுக்க அதுவே இருக்க வேண்டும். நான் தேர்ந்தெடுப்பது ‘உங்கள்’ முடிவைத்தான்.

பட்டியலுக்கு முன்னால் வரும் முகப்பு வரியும் கவனம் கேட்கிறது. ஆங்கிலக் கையேடுகளில் முகப்பு வரியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு வரியாலும் அதை நிறைவு செய்யும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்து ‘ஒவ்வொரு பணியாளரும் கட்டாயமாக:’ என்று தொடங்கினால் தமிழில் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். வினை கடைசியில் வரும் மொழியில் முகப்பு வரியைத் தன்னளவில் முழுமையாக முடித்துவிடுவதே நல்லது. ‘இந்த வரிசையில் செய்யுங்கள்’ என்பது முழு வாக்கியம். அதன் கீழே எந்த வரியும் தடையில்லாமல் நிற்கும்.

முகப்பு வரி எதிர்மறையாக இருந்தால் விபரீதமே நடக்கும். ‘சமையலறையில் செய்யக் கூடாதவை’ என்ற தலைப்பின் கீழ் இந்த நான்கையும் படியுங்கள்.

மோதிரம், வளையல் அணிதல்
ஈரக் கையோடு மிக்ஸி சுவிட்சைத் தொடுதல்
நகங்களை ஒட்ட வெட்டி வைத்தல்
சமைத்த உணவை வெறும் கையால் தொடாமல் இருத்தல்

நான்குமே ‘தல்’ என்று முடிவதால் வால் சோதனையில் தேறிவிடுகின்றன. ஆனால் மூன்றாவது வரி நகம் வெட்டக் கூடாது என்கிறது. நான்காவது, தலைப்போடு சேர்த்துப் படித்தால், வெறும் கையால் தொட்டே ஆக வேண்டும் என்கிறது. எழுதியவர் தலைப்பை மறந்துவிட்டு நல்ல பழக்கங்களை எழுதிக்கொண்டே போயிருக்கிறார். வால் ஒன்றாக இருப்பது போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஒவ்வொரு வரியையும் முகப்போடு சேர்த்து முழு வாக்கியமாக ஒருமுறை படித்தால்தான் இந்த வகைத் தவறு அகப்படும். நகம் வெட்டுவதைச் செய்ய வேண்டியவற்றில் சேர்த்து, கடைசி வரியை ‘சமைத்த உணவை வெறும் கையால் தொடுதல்’ என்று மாற்ற வேண்டும். செய்ய வேண்டியதையும் கூடாததையும் ஒரே பட்டியலில் கலக்காமல் இருந்தாலே இந்தத் தொல்லையில் பாதி குறையும். தமிழில் எதிர்மறை சில எழுத்துகளுக்குள் அடங்கிவிடுகிறது. அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு ‘தொடுங்கள்’ என்பதும் ‘தொடாதீர்கள்’ என்பதும் அதிகத் தூரத்தில் இல்லை.

தலைப்புகளுக்கு வருவோம். உள்ளே புரட்டிக்கொண்டிருந்தால் தலைப்புகளின் குறை தெரியாது, ஒவ்வொன்றும் வேறு பக்கத்தில் இருப்பதால். உள்ளடக்கப் பக்கத்தில் அவை அடுத்தடுத்து நிற்கும்போதுதான் தெரியும். வேர்டு கோப்பில் தலைப்புகளுக்கு உரிய பாணி கொடுத்திருந்தால் View மெனுவில் Navigation Pane என்பதைத் திறந்ததும் தலைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும். நம் ஓட்டல் கையேட்டில் அவை இப்படி இருக்கின்றன என்று கொள்வோம்: கை கழுவுதல், ஃப்ரிட்ஜை எப்படிப் பராமரிப்பது?; எண்ணெய்; காய்கறிகளைச் சுத்தம் செய்யவும்; மீந்த உணவு குறித்து; பாத்திரங்கள் கழுவப்படும் முறை.

இவற்றில் ‘எண்ணெய்’ என்பதில்தான் நிற்க வேண்டும். மற்றவற்றில் என்ன செய்யப்போகிறோம் என்பதாவது ஓரளவு புரிகிறது. எண்ணெய் என்றால், வாங்குவதா, ஊற்றுவதா, மாற்றுவதா, கொட்டுவதா? அந்தப் பகுதியைத் திறந்து படித்தால் பெரும்பாலும் இவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பொரித்த எண்ணெயில் முனைவுச் சேர்மங்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. சமையலறையில் வேலை செய்பவர் அறிய வேண்டியது, அந்த அளவை எந்தக் கருவியால், எந்த நேரத்தில் பார்ப்பது, தாண்டினால் எந்த டின்னில் ஊற்றி வைப்பது என்பது. ‘பொரித்த எண்ணெயைச் சோதித்தல்’, ‘கழிந்த எண்ணெயைச் சேகரித்தல்’ என்று இரண்டாகப் பிரித்தால் தேடுபவருக்கு உடனே கிடைக்கும்.

மற்றவற்றை ‘தல்’ வடிவத்துக்குக் கொண்டுவருவது எளிது: கை கழுவுதல், ஃப்ரிட்ஜைப் பராமரித்தல், காய்கறிகளைச் சுத்தம் செய்தல், மீந்த உணவைக் கையாளுதல், பாத்திரம் கழுவுதல். தலைப்புகள் ‘தல்’ என்றும் அவற்றின் கீழ் வரும் படிகள் ‘உங்கள்’ என்றும் முடிவது முரண்பாடு ஆகாது. இணை அமைப்பு ஒரே மட்டத்தில் இருப்பவற்றுக்கிடையே பார்க்க வேண்டியது. துணைத் தலைப்புகளைக் கேள்விகளாக வைக்க விரும்பினால் அந்த மட்டம் முழுவதும் கேள்விகளாக இருக்கட்டும். ‘அறிமுகம்’, ‘அவசரத் தொலைபேசி எண்கள்’ போன்றவற்றை ‘அறிமுகம் செய்தல்’ என்று இழுத்து மாற்ற வேண்டாம். அவை வேலைகள் அல்ல, அப்படியே இருக்கலாம்.

வடிவத்தை ஒன்றாக்கிய பிறகு எல்லா வரிகளும் ஒரே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதாகத் தெரிந்தால், அது பட்டியலாகவே இருக்க வேண்டுமா என்று யோசிக்கலாம். ‘சூடான சாம்பாரை 60 டிகிரிக்கு மேல் வைத்திருங்கள்’, ‘தயிரை 5 டிகிரிக்குள் வைத்திருங்கள்’, ‘உறைந்த இறைச்சியை மைனஸ் 18 டிகிரியில் வைத்திருங்கள்’ என்று பத்து வரிகள் வந்தால், பொருள், வெப்பநிலை, வைக்கும் இடம் என்று மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையே அதற்கு உரிய வடிவம்.

கடைசியாக ஒரு வேலை எப்போதும் விடுபட்டுப்போகிறது. தலைப்பை மாற்றினால், வேறு பக்கங்களில் ‘எண்ணெய் பகுதியைப் பார்க்கவும்’ என்று எழுதியிருக்கும் குறிப்புகளும், உள்ளடக்கப் பக்கமும், சமையலறைச் சுவரில் லேமினேட் செய்து ஒட்டிய பழைய தாளும், பயிற்சி முடிவில் கேட்கும் வினாத்தாளும் மாற வேண்டும். பழைய தலைப்பைத் தேடிப் பார்த்து எல்லா இடத்திலும் மாற்றிய பின், கையேட்டின் முதல் பக்கத்தின் பின்புறம் மூன்று வரி எழுதி வைத்துவிடலாம்: தலைப்புகள் ‘தல்’ என முடியும், படிகள் ‘உங்கள்’ என முடியும், கூடாதவை தனிப் பட்டியலில் வரும். அடுத்த முறை மேலாளர் புதிதாக ஒரு வரி சேர்க்கும்போது அவர் பார்க்க வேண்டியது அந்த மூன்று வரிகளைத்தான்.